“கண்ணாடிய கொஞ்சம் இறக்கித்தான் வச்சிருக்கோம்க்கா”

இந்தப் பதிவை ஒரு எரிச்சல்லதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கிடுங்க.

ஊர்லருந்து சொந்தக்காரங்க வந்திருந்தாங்க. வந்தவங்களைச் சிதறால் மலைக்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறது இந்தப் பக்கத்துல எழுதப்படாத சட்டம். (மார்த்தாண்டத்துலருந்து பக்கம், டிக்கெட் செலவும் இல்ல. மேல போனா தீர்த்தங்கரர் சிற்பம், பகவதி, சுனை, காத்து. ஆய் மன்னர் காலத்துச் சமணப் பள்ளின்னு நாமளும் ரெண்டு வார்த்தை வரலாறு சொல்லிக்கிடலாம்.) காலைல கிளம்பணும்னு பேச்சு. கிளம்பும்போது பதினொண்ணு. வீட்டு வழக்கம்.

அடிவாரத்துல வண்டிய விட்டுட்டு இறங்குறோம். பக்கத்துல இன்னொரு கார். சின்ன வயசு ஜோடி, கூட ஒரு பாட்டி. கதவைப் பூட்டிட்டுக் கிளம்பிட்டாங்க. பின் சீட்டுல ஒரு கைக்குழந்தை நல்லா அசந்து தூங்குது.

“தம்பி, பிள்ளை உள்ள கிடக்கே!”

“இப்பதான் உறங்குச்சுக்கா, எழுப்பினா ஊரைக் கூட்டிரும். சும்மா மேல போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துருவோம். அஞ்சு நிமிசம்.”

அஞ்சு நிமிசமாம்! அந்தக் கல்லுப் பாதைல பாட்டியைக் கூட்டிட்டு அஞ்சு நிமிசத்துல ஏறுறவங்க யாருன்னு நானும் பாக்கணும். ஏறவே கால்மணி நேரம். மேல போனா மரத்தடியில உக்காராம யாரு இறங்குவா?

நான் முறைச்சதைப் பாத்துட்டு அந்தப் பொண்ணு சொல்லுச்சு: “கண்ணாடிய கொஞ்சம் இறக்கித்தான் வச்சிருக்கோம்க்கா. காத்து போகும்.”

பக்கத்துல இளநி வெட்டிக்கிட்டிருந்த அண்ணாச்சியும் நானும் சேந்து சத்தம் போட்டு, பிள்ளைய வெளிய எடுக்க வச்சோம். அது முழிச்சு அழுதுச்சு. அவங்க என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அதெல்லாம் போட்டும். எனக்கு உறுத்துனது அந்த “காத்து போகும்”தான். ஏன்னா அவங்க பொறுப்பில்லாதவங்க இல்ல. யோசிச்சுத்தான் கண்ணாடிய இறக்கிருக்காங்க. யோசிச்ச விசயம்தான் தப்பு.

நம்ம ஆளுங்க மனசுல பூட்டின கார்னா ஒரே ஒரு பயம்: மூச்சு முட்டிரும். பேப்பர்லயும் அப்படித்தான் போடுறாங்க. 2022 ஜூன் மாசம் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி, பணகுடி பக்கம் லெப்பைக்குடியிருப்புல நடந்தது உங்கள்ல நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுப் பக்கத்துல நின்ன காருக்குள்ள விளையாடப் போன மூணு பிள்ளைங்க, கதவைத் திறக்கத் தெரியாம உள்ளயே இறந்து போச்சுங்க. மூணுமே ஏழு வயசைத் தாண்டாதது. 2025 மே மாசம் ஆந்திராவுல விஜயநகரம் பக்கத்துல துவாரபூடியில இதே மாதிரி நாலு பிள்ளைங்க இறந்தப்பவும் மறுபடியும் அதே தலைப்பு: மூச்சுத் திணறி பலி.

இப்ப ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். (எட்டாங்கிளாஸ் கணக்குதான், பயப்படாதீங்க.)

ஒரு சாதாரணக் காருக்குள்ள ஏறக்குறைய 3,000 லிட்டர் காத்து இருக்கும்னு வைங்க. அதுல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன், அதாவது 600 லிட்டருக்கு மேல. பத்து கிலோ பிள்ளை சும்மா படுத்திருந்தா மணிக்கு நாலஞ்சு லிட்டர் ஆக்சிஜன் இழுக்கும். அழுதா கூடும், சரி, பத்து லிட்டர்னே போடுங்க. காரை மெழுகு வச்சு அடைச்சாக்கூட ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல அந்த ஒரு பிள்ளைக்குக் காத்து தீராது. காரை யாரும் மெழுகு வச்சு அடைக்கிறதும் இல்ல. ஏசி துவாரம், கதவு இடுக்குன்னு காத்து வந்து போய்க்கிட்டேதான் இருக்கும்.

அப்ப ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல பிள்ளை உயிரை எடுக்குறது எது?

சூடு.

காத்துப் பிரச்சினைன்னு நினைக்கிறவன் கண்ணாடிய ரெண்டு விரக்கடை இறக்கிட்டு நிம்மதியா போயிருவான். சூடுதான் பிரச்சினைன்னு தெரிஞ்சவன் பிள்ளையத் தூக்கிட்டுப் போவான். எல்லாம் இங்கதான் பிரியுது.

கண்ணாடி வழியா வெயில் உள்ள போகும். டேஷ்போர்டு, சீட்டு, ஸ்டீரிங் எல்லாம் அதைக் குடிச்சுக் காயும். காய்ஞ்சது பக்கத்துல இருக்கிற காத்தைச் சூடாக்கும். அந்தச் சூட்டுக் காத்து சீக்கிரம் வெளிய போகாது, பெரும்பாலும் சுத்திச் சுத்தி உள்ளயே கிடக்கும். இவ்வளவுதான் சங்கதி. வெளிய குளுகுளுன்னு காத்தடிச்சாலும் உள்ள ஒண்ணும் பிரயோசனம் இல்ல. “நம்ம ஊரு நல்ல குளிர்ச்சி, மரம் மட்டைன்னு இருக்கு, இது என்ன வேலூரா?”ன்னு என் அத்தானே கேட்டாரு.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுறேன். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரங்க இதை அளந்து 2005ல எழுதிருக்காங்க. வெளிய 22 டிகிரி இருந்த நாள்லருந்து 36 டிகிரி இருந்த நாள் வரைக்கும் ஒரு காரை வெயில்ல நிறுத்திப் பாத்தாங்க. 22 டிகிரின்னா நமக்கு ஸ்வெட்டர் தேடுற குளிரு. எந்த நாளா இருந்தாலும் ஒரு மணி நேரத்துல உள்ள ஏறின சூடு சராசரியா இன்னொரு 22 டிகிரி. அதுலயும் ஏறுறதுல எண்பது சதவீதம் முதல் அரைமணி நேரத்துக்குள்ளயே ஏறிரும். கண்ணாடிய ஒண்ணரை இஞ்சு இறக்கி வச்சும் பாத்தாங்க. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. இட்லிக் கொப்பரை மூடிய லேசா நகத்தி வச்சுட்டு இட்லி வேகாதுன்னு நம்புற கதைதான் இது.

இந்தக் கணக்கை அன்னைக்குச் சிதறால்ல நின்ன காருக்குப் போடுங்க. வெளிய 31 டிகிரின்னு வைங்க, நமக்கு அது வெயிலே இல்ல. முதல் பத்து நிமிசத்துல பத்து டிகிரி கிட்ட ஏறும்: 41. அரைமணி நேரத்துல 48, 49. அந்தத் தம்பி போட்டோ எடுத்து, பில்டர் போட்டு, ஸ்டேட்டஸ்ல வைக்கிறதுக்குள்ள.

நானும் வீட்டுல இதைச் செஞ்சு பாத்தேன். (கேட்டதை நம்புற பழக்கம் நமக்குக் கிடையாதே.) முதல்ல கைல கிடைச்ச காய்ச்சல் பாக்குற டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் காருக்குள்ள போட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் போய்ப் பாத்தா நம்பரே இல்ல, ‘H’னு ஒத்த எழுத்து. மனுசனுக்கு இதுக்கு மேல காய்ச்சல் வராதுன்னு அதைச் செஞ்சவன் அதோட நிறுத்திட்டான்! அந்த ஒத்த எழுத்தே எனக்குப் போதும்னு இருந்துச்சு. ஆனா அத்தான் விடல. சுவத்துல மாட்டுற தெர்மாமீட்டரை எடுத்துட்டு வந்தாரு. அதை வெயில் படுற டேஷ்போர்டுல வச்சா கன்னாபின்னான்னு ஏறுது, அது காத்தோட சூடு இல்ல. பின் சீட்டுல, பிள்ளை கிடக்கிற உசரத்துல, துணி மறைப்புல வச்சோம். அரைமணி நேரத்துல நாப்பத்தஞ்சைத் தாண்டிருச்சு. அன்னைக்குக் கொஞ்சம் மேகமூட்டம் வேற.

அடுத்து பலாமரத்தடியில விட்டுப் பாத்தோம். குறைவுதான், அதை ஒத்துக்கிடணும். ஆனா நிழல்ங்கிறது ஒரு இடத்துல நிக்குற சாமான் இல்லையே. பதினொரு மணிக்கு மரத்தடி, பன்னெண்டரைக்கு முன்கண்ணாடி முழுக்க வெயில். சிதறால் அடிவாரத்துலயும் இதே கதைதான்.

நிழலுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துல 2018ல, நல்ல கோடைல, வெயில்லயும் நிழல்லயும் காருங்களை நிறுத்தி அளந்தாங்க. வெயில்ல நின்ன காருக்குள்ள ஒரு மணி நேரத்துல சராசரி 47 டிகிரி, டேஷ்போர்டு 69. நிழல்ல நின்னதுக்குள்ள 38. ரெண்டு வயசுப் பிள்ளை உடம்புக்கு ஆபத்தான சூடு ஏற வெயில்ல ஒரு மணி நேரம், நிழல்ல ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவுன்னு கணக்குப் போட்டிருக்காங்க. நிழலு தவணை வாங்கித் தரும், அவ்வளவுதான். அதுவும் அரிசோனா காஞ்ச ஊரு. நமக்குப் புழுக்கம்.

இந்தப் புழுக்கத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நம்ம உடம்பு 37 டிகிரி. சுத்தி இருக்கிற காத்து அதுக்கு மேல போயிட்டா, உடம்பு சூட்டை வெளிய தள்ள ஒரே வழிதான் மிச்சம்: வேர்வை. வேர்த்தா மட்டும் போதாது, அது காயணும். காயும்போதுதான் சூடு இறங்கும். நம்ம பக்கத்துல துவைச்ச துணியே காய மாட்டேங்குது. இதுல மூடின காருக்குள்ள பிள்ளை விடுற மூச்சு ஈரமும் சேந்துக்கும். வேர்வை வழியுமே தவிர காயாது.

பெரியவங்களை விடப் பிள்ளைங்களுக்கு உடம்புச் சூடு மூணுலருந்து அஞ்சு மடங்கு வேகமா ஏறும்னு டாக்டருங்க சொல்லுறாங்க. எடைக்கு ஏத்த கணக்குல பாத்தா அதுக்குத் தோல் பரப்பு அதிகம், அதனால சூட்டை இழுக்கும். வேர்க்கிறதும் குறைவு. சட்டையைக் கழட்டத் தெரியாது, கதவைத் திறக்கத் தெரியாது. பெல்ட் போட்ட சீட்டுல இருந்தா திரும்பிப் படுக்கக்கூட முடியாது. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டினா மூளை தடுமாற ஆரம்பிக்கும். அதுதான் ஹீட் ஸ்ட்ரோக். அதுக்கு மேல ஈரல், கிட்னி, இதயம்னு ஒவ்வொண்ணா கெடும்.

இதுல என்னைத் தூங்க விடாதது ஒண்ணு இருக்கு. பிள்ளை முதல்ல அழும். அப்புறம் அழுகை நிக்கும். வெளிய நின்னு பாக்குறவனுக்கு “அழுதுட்டுத் தூங்கிருச்சு”ன்னு தோணும். சூட்டுல மயங்கின பிள்ளையும் தூங்குற பிள்ளையும் கண்ணாடி வழியாப் பாத்தா ஒரே மாதிரி இருக்கும். அதனால எட்டிப் பாத்துட்டுப் போறது ஒரு பரிசோதனையே இல்ல. கண்ணாடியத் தட்டணும், பிள்ளை அசையணும்.

“ஏசி போட்டு விட்டுட்டுப் போறோமே?”ன்னு ஒரு கோஷ்டி இருக்கு. எஞ்சின் நின்னா ஏசி காத்து சூட்டுக் காத்தாயிரும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கொஞ்சம் வளந்த பிள்ளைன்னா முன்னால வந்து கியரை இழுக்கும். வண்டியத் திருடுறவன் பின் சீட்டைப் பாத்துட்டா எடுப்பான்? சாவி உள்ள, பிள்ளை உள்ள, கதவு தானா பூட்டிக்கிட்டு, வெளிய நின்னு தவிச்சவங்க கதை நம்ம எல்லாருக்கும் ஒண்ணு தெரியும்.

சரி, என்னதான் செய்ய?

நம்ம ஊருல பிள்ளைய வண்டில விடுறதுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம், தூங்குற பிள்ளைய எழுப்ப மனசு வராது. எனக்கும் புரியுது. பல்லு முளைக்கிற பிள்ளை ரெண்டு மணி நேரம் அழுது இப்பதான் கண்ணசந்திருக்கும். அப்ப நேரே மெடிக்கல் ஸ்டோர் வாசல்ல நிறுத்துங்க, ஹாரன் அடிங்க. “அண்ணாச்சி, பிள்ளை உறங்குது, இங்க கொண்டாந்து தாங்களேன்”னு கேளுங்க. மார்த்தாண்டத்துலயும் குழித்துறையிலயும் நான் கேட்டு முடியாதுன்னு சொன்ன கடை இல்ல. பலசரக்கு, பேக்கரி எல்லாம் அப்படித்தான். ஏடிஎம் மாதிரி இடத்துக்கு ஆள் வராது, அதைப் பிள்ளை கூட இல்லாத நேரத்துக்குத் தள்ளுங்க. ரெண்டு பெரியவங்க இருந்தா ஒருத்தர் வண்டில. அவரும் கதவைத் திறந்து வச்சுட்டு. மலைக்கோயில்ன்னா தோள்ல துணி கட்டித் தூக்கிட்டுப் போங்க, இல்லன்னா முறை வச்சு ஏறுங்க. தீர்த்தங்கரர் ஆயிரத்துச் சொச்ச வருசமா அங்கதான் நிக்கிறாரு, அரைமணி நேரத்துல எங்கயும் போயிர மாட்டாரு.

இன்னொரு வகை இருக்கு, மறந்து போறது. “பெத்த பிள்ளைய எவனாவது மறப்பானா?”ன்னு சட்டுனு கேட்டுருவோம். அமெரிக்காவுல 1998லருந்து ஆயிரத்துக்கு மேல பிள்ளைங்க இப்படிக் காருக்குள்ள சூட்டுல இறந்திருக்கு. அதுல பாதிக்கு மேல, கூட வந்த பெரியவங்க மறந்து போனதால. குடிகாரங்க இல்ல, சாதாரண அம்மா அப்பாங்கதான். வழக்கமா பிள்ளைய விடாத அப்பா ஒரு நாள் விடப் போறாரு. பிள்ளை பின்னால தூங்கிருது, சத்தம் இல்ல. கை தானா தினமும் போற ஆபீஸ் வழிக்கு வண்டிய ஓட்டிருது. இதை வருசக்கணக்கா ஆராயுற டேவிட் டயமண்டுன்னு ஒரு பேராசிரியர் சொல்றது என்னன்னா, பழக்கத்துல ஓடுற மூளை, “இன்னைக்கு ஒரு வேலை புதுசா இருக்கு”ங்கிற நினைப்பை அமுக்கிரும். பாசத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இத்தாலியில 2019லருந்து நாலு வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்க சீட்டுக்கு, விட்டுட்டுப் போனா சத்தம் போடுற கருவி கட்டாயம்னே சட்டம் வந்திருச்சு.

நம்ம ஊருல பிள்ளை மடியிலதான் வரும், அதனால மறக்குறது கொஞ்சம் குறைவு. (மடியில வர்றது வேற ஆபத்து. அதுக்குத் தனிப் பதிவு போடணும்.) ஆனா இப்ப பின்னால பேபி சீட் வாங்கிப் போடுறவங்க கூடிட்டாங்க, நல்ல விசயம். அவங்களுக்கு ஒண்ணு: இறங்கினா கட்டாயம் தேடுற சாமான் ஒண்ணைப் பிள்ளை பக்கத்துல வைங்க. போன், ஆபீஸ் பை, ஐடி கார்டு, ஏதோ ஒண்ணு. என் தம்பி இடது கால் செருப்பைக் கழட்டிப் பின்னால போட்டுருவான். ஆட்டோமேட்டிக் வண்டி, இடது காலுக்கு வேலை இல்ல. ஒத்தச் செருப்போட எவனும் ஆபீஸுக்கு நடந்துர மாட்டானே! கூடவே அங்கன்வாடி டீச்சர்கிட்டயோ பால்வாடி ஆயாகிட்டயோ சொல்லி வைங்க: பிள்ளை வரலன்னா ஒரு போன்.

ஸ்கூல் வேனுக்கும் இது உண்டு. 2022 செப்டம்பர்ல கத்தார்ல அல் வக்ராவுல, கோட்டயத்துக்காரங்க பிள்ளை ஒண்ணு, நாலு வயசு, ஸ்கூல் பஸ்ல தூங்கிப் போச்சு. இறங்காததைப் பாக்காமப் பூட்டிட்டுப் போயிட்டாங்க, பிள்ளை இறந்து போச்சு. அன்னைக்கு அந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள். கல்ஃப்ல ஆளு இல்லாத வீடு நம்ம பக்கத்துல எத்தனை? அதனாலதான் அந்தச் செய்தி இங்க இன்னும் பேச்சுல இருக்கு. உங்க பிள்ளை போற வேன்ல டிரைவரோ ஆயாவோ கடைசி சீட்டு வரைக்கும் நடந்து, குனிஞ்சு பாத்துட்டுத்தான் பூட்டுறாங்களான்னு ஒரு தடவை நேர்ல கேளுங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கிடட்டும்.

பணகுடி, துவாரபூடி மாதிரி நடக்குறது இந்த ரெண்டு வகையிலயும் சேராது. அங்க யாரும் பிள்ளைய விட்டுட்டுப் போகல, பிள்ளைங்களாவே ஏறினது. ஓடாம நிக்குற வண்டி பிள்ளைங்களுக்கு விளையாட்டு வீடு. பின் கதவுல சைல்டு லாக் போட்டிருந்தா உள்ளருந்து எவ்வளவு இழுத்தாலும் திறக்காது, அது முன் கதவுக்குக் கிடையாதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியாது. அதனால நாலஞ்சு வயசுப் பிள்ளைக்கு ரெண்டு பாடம் சொல்லிக் குடுங்க: முன்னால தாவிப் போய் முன் கதவைத் திற. திறக்கலன்னா ஹாரனை அமுக்கிக்கிட்டே இரு. நிறைய வண்டில சாவி இல்லாமலும் ஹாரன் அடிக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை வண்டில உக்கார வச்சுச் செய்ய விடுங்க. (அக்கம்பக்கத்துல திட்டு விழும், பரவால்ல.) பிள்ளையக் காணோம்னா கிணத்தையும் குளத்தையும் பாக்க ஓடுவோம்ல, ஒரு ஆளு அதே நிமிசம் நிக்குற வண்டிங்களையும் டிக்கியையும் திறந்து பாக்கணும்.

அடைபட்ட பிள்ளைய நீங்க பாத்தீங்கன்னா? எல்லாக் கதவையும் இழுத்துப் பாருங்க, சத்தம் போட்டு வண்டிக்காரனைக் கூப்பிட ஒரு ஆளை விடுங்க, 112க்கு அடிங்க. தட்டினதுக்குப் பிள்ளை அசையலன்னா காத்திருக்காதீங்க. பிள்ளைக்குத் தூரமா இருக்கிற பக்கக் கண்ணாடியா பாத்து, அதோட மூலையில கூரான கல்லு, சுத்தியல், ஜாக்கி லீவர் எதையாவது வச்சு ஓங்கி அடிங்க. அது பொடிப்பொடியா உதிரும். முன்கண்ணாடிய அடிக்காதீங்க, நடுவுல பிளாஸ்டிக் ஏடு ஒட்டின கண்ணாடி அது, விரிசல் விடுமே தவிர வழி விடாது.

வெளிய எடுத்ததும் நிழலுக்குக் கொண்டு போங்க, துணியெல்லாம் கழட்டுங்க, 108க்கு அடிங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் சும்மா நிக்காம உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க. உயிரைக் காப்பாத்துறது அந்தத் தண்ணிதான். மயக்கத்துல இருக்கிற பிள்ளை வாயில தண்ணியோ பாலோ ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல இறங்கிரும். காய்ச்சல் மருந்தும் வேண்டாம். இது காய்ச்சல் இல்ல, பாராசிட்டமால் கேக்காது. பிள்ளை முழிச்சுச் சிரிச்சாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயே தீரணும், உள்ள கெட்டது வெளிய தெரிய நேரமாகும்.

கண்ணாடிய உடைச்சா வண்டிக்காரன் சண்டைக்கு வருவான்னு இளநி அண்ணாச்சி சொன்னாரு. வரட்டும். கண்ணாடி மாத்துறது சில ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிரும்.

இதை வாசிச்சு முடிச்சதும் ஒரு வேலை செய்யுங்க. உங்க வீட்டு முத்தத்துல நிக்குற வண்டி பூட்டிருக்கான்னு எந்திரிச்சுப் போய்ப் பாருங்க. சாவி பிள்ளைங்க கைக்கு எட்டுற ஆணில தொங்குதுன்னா, இன்னைக்கே ஆணிய மேல அடிங்க.